32 இன்ச் டிவியை மாற்றுவதற்கு முன் ரிமோட்டைக் கையில் எடுங்கள்

"32 இன்ச் ஸ்மார்ட் டிவி, HD Ready, போன வருஷம் ஆன்லைனில் பதினோராயிரத்துக்கு வாங்கினேன். சீரியலில் முகமெல்லாம் வெளிறி நீலம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. எழுத்தைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறது. அம்மாவுக்கு வசனம் சரியாகக் கேட்பதில்லை. கேபிள் பெட்டி இணைத்திருக்கிறோம், எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். தம்பி 43 இன்ச் 4K டிவியும் சவுண்ட்பாரும் வாங்கிவிடலாம் என்கிறான். செட்டிங்ஸிலேயே சரிசெய்ய முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் படத்தின் செட்டிங்ஸுக்குள் நுழைவதற்கு முன் ஒன்று பாருங்கள். கேபிள் சேனல் ஓடும்போது ரிமோட்டில் Source பட்டனை அழுத்துங்கள். திரையில் HDMI 1 அல்லது HDMI 2 என்று வந்தால் நல்லது. AV என்று வந்தால் உங்கள் குறையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

டிவி பழுதுபார்க்கும் வேலையில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "படம் கலங்கலா இருக்கு" என்று கூப்பிடுகிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது டிவியின் முகத்தை அல்ல, முதுகை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள பழைய AV ஒயரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதில் படம் முழுக்க மஞ்சள் முனை ஒன்றில்தான் வருகிறது. வெளிச்சத் தகவலையும் வண்ணத் தகவலையும் ஒன்றாகக் கலந்து அனுப்பி, டிவிக்குள் மறுபடி பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்பு ஒருபோதும் முழுசாக நடக்காது. அதனால்தான் சிவப்புப் புடவையின் நிறம் கரையைத் தாண்டி வழிகிறது, நெருக்கமான கட்டம் போட்ட சட்டையில் வானவில் நெளிகிறது, எழுத்தின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக எறும்பு ஊர்கிறது. எச்.டி. பெட்டியே ஆனாலும் இந்த ஒயரில் போட்டால் எஸ்.டி. தரத்துக்கு இறங்கித்தான் வரும்.

பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எஸ்.டி. பெட்டிகள் பலவற்றிலும்கூட ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். இருந்தால் ஒன்றரை மீட்டர் ஒயர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். சாதாரண ஒயரே போதும். கடையில் தங்க முலாம், பின்னல் உறை என்று ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். இதில் போவது டிஜிட்டல் சிக்னல். ஒயர் கெட்டிருந்தால் படம் விட்டு விட்டு வரும், மினுமினுக்கும், இல்லையென்றால் வரவே வராது. விலையுள்ள ஒயரில் நிறம் கூடுதலாக மின்னுவது என்று ஒன்று கிடையாது.

ஒயரை மாற்றியதும் பெட்டியின் மெனுவில் வெளியீட்டு அளவைப் பாருங்கள். Resolution, Video Output, TV Settings என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அது 576i-யில் நின்றிருந்தால் 720p-யும் 1080i-யும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். 'i' என்று முடிவது ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாற்றி மாற்றி அனுப்பும் முறை. அவற்றைச் சேர்த்து முழுப் படமாக்குவது டிவியின் வேலை, குறைந்த விலை டிவிகள் பலவற்றில் அந்த வேலை சுமார்தான். கிரிக்கெட்டில் பந்து வீச ஓடி வருபவரின் கை கால் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் அதுதான் காரணம். 720p-யில் அந்தச் சேர்ப்பைப் பெட்டியே முடித்துவிடும். உங்கள் திரையில் இருப்பது குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். ஆகவே 720p-யில் நீங்கள் இழப்பது மிகக் கொஞ்சம். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீல முகம். புது டிவி அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வரும்போது Vivid அல்லது Dynamic என்ற பாணியில் வருவதுண்டு. பத்து டிவி வரிசையாக நிற்கும், மேலே டியூப்லைட் எரியும் கடையில் கண்ணை இழுப்பதற்காக அமைத்தது அது. நீலம் கலந்த வெள்ளை கண்ணுக்குக் கூடுதல் பளிச்சென்று தெரியும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியை நாம் வெள்ளை என்று சொல்வது மாதிரிதான். வேட்டிக்கு அது சரி, மனுஷ முகத்துக்குச் சரிவராது.

முதலில் மெனுவில் Home, Store அல்லது Shop என்று இடம் கேட்கும் தேர்வு இருந்தால் Home என்று வையுங்கள். இல்லாவிட்டால் சில டிவிகள் நீங்கள் மாற்றியதையெல்லாம் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆக்கிவிடும். பிறகு Picture Mode-இல் Movie அல்லது Cinema. அது இல்லையென்றால் Standard-இல் தொடங்கி User-இல் திருத்துங்கள்.

அடுத்தது Colour Temperature. Cool, Normal, Warm என்று மூன்று இருக்கும். படம் எடுப்பவர்கள் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 6500 கெல்வினை ஒட்டியது. டிவிகளில் பெரும்பாலும் Warm-தான் அதற்குப் பக்கத்தில் வரும். மாற்றிய அன்றைக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். மூன்று நாள் விட்டுப் பிடியுங்கள், கண் பழகிவிடும். அதற்குப் பிறகு Cool-க்குத் திரும்பினால் முகங்கள் ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி இருக்கும்.

இது சரியா என்று பார்க்க நம் வீட்டில் ஓர் அருமையான கருவி இருக்கிறது: பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் நிறமே கிடையாது. ஆகவே திரையில் ஏதாவது நிறம் தெரிந்தால் அது டிவி சேர்த்தது. Cool-இல் அந்தப் படம் ஊதா பாய்ந்து தெரியும். Warm-இல் வெறும் சாம்பலாக இருக்க வேண்டும். Warm-இல் பழுப்பேறின பழைய போட்டோ மாதிரி ஆகிவிட்டால் உங்கள் டிவியில் Warm அளவு மீறிப் போகிறது, Normal போதும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது Backlight, Brightness இரண்டிலும்தான். திரைக்குப் பின்னால் எரியும் விளக்கைக் கூட்டிக் குறைப்பது Backlight. கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வது Brightness. "இருட்டா இருக்கு" என்று Brightness-ஐ ஏற்றினால் இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் புகை மண்டியதாகும், வெளிச்சம் கூடாது. "கண்ணு கூசுது" என்று அதையே இறக்கினால் தலைமுடி முழுக்க ஒரே தார்க்கட்டியாகும். வெளிச்சம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு Backlight-ஐ மட்டும் தொடுங்கள். அது முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் Advanced Settings-க்குள் ஒளிந்திருக்கும், அல்லது Energy Saving என்ற பெயரில் Low, Medium, High என்று இருக்கும்.

Brightness-க்கு அளவுகோல் இது. அகலத்திரைப் படம் ஒன்றைப் போடுங்கள், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். அறையில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பட்டை சாம்பலாகும் வரை Brightness-ஐ ஏற்றி, மறுபடி கறுப்பாகும் இடத்துக்கு இறக்கி நிறுத்துங்கள். அந்த இடத்தில் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீலின் கோட்டு மடிப்பு மங்கலாகவாவது தெரிய வேண்டும். Contrast-க்கு வெள்ளை வேட்டி. வேட்டியின் மடிப்பு மறைந்து ஒரே சுண்ணாம்புச் சுவராகத் தெரிந்தால் Contrast அதிகம், மடிப்பு தெரியும்வரை குறையுங்கள். Colour-ஐ வேறு எதையும் பார்க்காமல் முகத்தைப் பார்த்து வையுங்கள். கன்னம் ஆரஞ்சு அடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்தைச் சுற்றிக் கோடு என்று எழுதியிருந்தீர்களே, அது Sharpness செய்யும் வேலை. இல்லாத நுணுக்கத்தை அது எங்கிருந்தும் கொண்டுவராது. விளிம்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடோ கறுப்புக் கோடோ இழுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கூர்மை மாதிரி ஒரு தோற்றம் வரும். ஆனால் எஸ்.டி. சேனலில் ஏற்கெனவே இருக்கும் கட்டம் கட்டமான சிதறலையும் விளிம்பு என்று நினைத்து அது கோடு போட்டுவிடும். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே Sharpness-ஐப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். எழுத்தைச் சுற்றி முதல் கோடு எட்டிப் பார்க்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். சில டிவிகளில் அது பூஜ்யத்திலேயே இருக்கும், சிலவற்றில் ஐம்பதை ஒட்டி இருக்கும். அதனால்தான் இணையத்தில் யாரோ போட்ட எண்ணை அப்படியே போடாதீர்கள் என்கிறேன்.

Dynamic Contrast-ஐ அணைத்துவிடுங்கள். காட்சிக்குக் காட்சி வெளிச்சம் மூச்சு வாங்குவது நிற்கும். Noise Reduction எஸ்.டி. சேனலுக்கு Low-இல் இருக்கலாம். அதற்கு மேல் போனால் முகம் மெழுகாகும்.

இவ்வளவும் செய்து முடித்து யூடியூபைப் போட்டால் எல்லாம் பழையபடியே இருக்கும், "இவர் சொன்னது வேலைக்காகலை" என்று நினைப்பீர்கள். பல டிவிகளில் ஒவ்வொரு சோர்ஸுக்கும் செட்டிங்ஸ் தனி. HDMI 1-இல் செய்ததை உள்ளே இருக்கும் ஆப்களுக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும். யூடியூபில் கூடவே இன்னொன்றையும் பாருங்கள். படம் ஓடும்போது பற்சக்கரக் குறியை அழுத்தினால் தரம் எத்தனை என்று தெரியும். 360p என்று இருந்தால் டிவி பாவம், பெரும்பாலும் வைஃபைதான் காரணம். இந்த விலை டிவிகளில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கும். பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதே தடத்தில் நெரியும். ரூட்டர் அருகில் இருந்தால் நெட் ஒயரை நேரடியாக டிவியில் குத்திப் பாருங்கள்.

போன கோடையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்களுடையது மாதிரியே 32 இன்ச். "தம்பி, இதை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் பெருசா ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கோம், இதுக்கு என்ன விலை கிடைக்கும்னு சொல்லு" என்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். Vivid, Backlight 100, Contrast 100, Colour 70, Sharpness 80, Cool. பெட்டி AV-இல். சேனலின் சின்னம் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

ஒயரை மாற்றிப் பெட்டியை 720p-யில் வைத்தேன். சின்னம் வெட்டுப்பட்டதற்குக் காரணம், படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பெரிதாக்கிக் காட்டும் பழைய பழக்கம். படக்குழாய் டிவி காலத்து மிச்சம் அது. Aspect Ratio-வில் Just Scan என்று இருந்தது, அதைப் போட்டதும் முழுப் படமும் வந்தது, தேவையில்லாத பெரிதாக்கல் போனதில் எழுத்தும் தெளிந்தது. Warm, Backlight 60, Contrast 85, Brightness 50, Colour 48, Sharpness 10 என்று வந்து நின்றோம். இந்த எண்கள் அந்த டிவிக்கு, மேற்கு ஜன்னல் வெயில் அடிக்காத அந்தக் கூடத்துக்கு. உங்களுக்கு வேட்டியும் கோட்டும் சொல்லும் எண்தான் சரி. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பளபளப்பு போயிடுச்சே" என்றார். ஒரு வாரம் இப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தாம் நாள் போன் வந்தது, டிவியைப் பற்றி அல்ல, மிக்ஸி ஓடவில்லை என்று.

Backlight-ஐ 100-லிருந்து இறக்கச் சொல்வதற்குப் படத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சிறிய டிவிகளில் திரைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும். திருவிழாவில் கட்டும் சீரியல் செட் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க அணையும், டிவிகள் பலவற்றில் முழுத் திரையும் இருண்டுவிடும். "சவுண்டு வருது, படம் வரலை" என்று என் கடைக்கு வரும் டிவிகளில் பெரும்பாலானவை இந்த நோய்க்காரர்கள்தான். இருண்ட திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே படம் மங்கலாக ஓடினால் விளக்குதான் போயிருக்கிறது, பட்டையை மாற்றினால் போதும். முழு வேகத்தில் வருஷக்கணக்கில் எரியும் விளக்கு சூட்டில்தான் சாகிறது. சாவதற்கு முன்னால் இன்னொன்றும் நடக்கும். இந்த விளக்குகள் அடிப்படையில் நீல விளக்குகள், மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் நீலத்தை வெள்ளையாக்குகிறது. சூட்டில் அந்தப் பூச்சு கருகினால் திரை ஊதாவாகும். உங்கள் டிவியில் Warm போட்ட பிறகும் நீலம் போகாமல், வெள்ளைத் திரையில் திட்டுத்திட்டாக ஊதா தெரிந்தால் இது செட்டிங்ஸால் தீராது, பட்டை மாற்ற வேண்டும்.

அம்மாவுக்கு வசனம் கேட்காததற்கு வருவோம். டிவி ஒல்லியாக இருப்பதால் ஸ்பீக்கர் முன்னால் பார்க்காமல் கீழே பார்க்கிறது. மேசைமேல் வைத்தால் சத்தம் மேசையில் பட்டு உங்கள் பக்கம் வரும். சுவரில் மாட்டி, கீழே வெறும் காற்றாக இருந்தால் பாதி காலடியில் போய்விடும். மேசையில் இருக்கிறதென்றால் அதன் முன் விளிம்புவரை டிவியை நகர்த்துங்கள். கீழே விரித்திருக்கும் பூ வேலைத் துணியை எடுத்துவிடுங்கள், அது சத்தத்தைக் குடிக்கும்.

பிறகு Sound Mode-இல் News, Speech, Clear Voice என்று எது இருந்தாலும் அது. Surround-ஐ அணையுங்கள். இரண்டு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சுற்றிலும் கேட்பது போல் பாவனை செய்யப் போய், நடுவில் நிற்க வேண்டிய குரலைக் கரைத்துவிடுகிறது. ஈக்வலைசர் இருந்தால் 120Hz-ஐ நன்றாக இறக்குங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தரவே முடியாது, முயற்சி செய்து பிளாஸ்டிக்கைத்தான் அதிரவைக்கும். 1.5kHz-ஐயும் 5kHz-ஐயும் கொஞ்சம் ஏற்றுங்கள். த, ச, க என்று மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான். வயதானவர்களுக்கு முதலில் மங்குவதும் உயர்ந்த சுருதிகள்தான். விளம்பரம் வந்தால் அலறுவதை Auto Volume அல்லது AVL அடக்கும். பெட்டியின் ஆடியோ Dolby-யில் இருந்தால் Stereo அல்லது PCM ஆக்குங்கள். ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த சத்தத்தை இரண்டில் அமுக்கும்போது இசை மேலே வந்து பேச்சு அடியில் போவது அதனால் சில டிவிகளில் நிற்கும். இத்தனைக்குப் பிறகும் அம்மாவுக்குக் கேட்கவில்லையென்றால் சவுண்ட்பார் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, குரலுக்கென்று தனி ஸ்பீக்கரோ பேச்சுக்கென்று தனி மோடோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தம்பி சொல்லும் 4K-க்கு ஒரு கணக்குப் போடலாம். 32 இன்ச் திரையின் அகலம் ஏறத்தாழ 71 செ.மீ. அதில் 1366 புள்ளி என்றால் ஒன்று அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நல்ல கண்பார்வை உள்ளவர் அந்த அளவுப் புள்ளியைப் பிரித்துப் பார்க்க ஆறடிக்குள் இருக்க வேண்டும். நீங்கள் எட்டடியில் இருக்கிறீர்கள். உங்கள் திரையின் புள்ளியே உங்கள் கண்ணுக்குப் பிடிபடாதபோது, அதைவிடப் பொடியான புள்ளிக்குக் காசு கொடுப்பதில் என்ன வரும்? சேனலில் வருவதோ பெரும்பாலும் 576 வரி எஸ்.டி. அதை 43 இன்ச்சில் பரப்பினால் ஒவ்வொரு வரியும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகி, இப்போது மறைந்திருக்கும் கலங்கலும் வெளியே வரும். பெரிய படம் பார்க்கும் ஆசை நியாயமான ஆசைதான், அது வேறு விஷயம். தெளிவுக்காக என்றால், அம்மா தினமும் பார்க்கும் இரண்டு மூன்று சேனலை மட்டும் எச்.டி.யாக எடுத்துப் பாருங்கள். பெட்டியும் எச்.டி. பெட்டியாக இருக்க வேண்டும், கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸால் மாறாதவையும் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுப்பதும், இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் திரையின் பிறவிக் குணம். ஆனால் இரண்டாவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. டிவிக்குப் பின்னால், நேரே கண்ணில் படாதபடி, சுவரைப் பார்த்து ஒரு சின்ன வெள்ளை பல்பு எரியவிடுங்கள். சுவர் லேசாக வெளிச்சமாக இருந்தால் அதே சாம்பல் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், ராத்திரியில் Backlight-ஐ இன்னும் பத்துப் பதினைந்து இறக்கினாலும் போதுமானதாக இருக்கும். டிவியின் காற்றுத் துளைகளை ஒட்டி மட்டும் பல்பை வைக்காதீர்கள்.